'தை பிறக்கட்டும்' என்று திருமணத்தைத் தள்ளிப்போடுபவரிடம் எப்படிப் பேசுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

என் சித்தி மகளுக்கு அப்போது வயது 29. கோயம்புத்தூரில் வங்கி வேலை. அவள் காதலித்தவன் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தான், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்லூரி முடித்த கையோடு 2018இல் தொடங்கிய காதல். ஏழாவது வருடமும் திருமணப் பேச்சை எடுத்தால் "கொஞ்சம் பொறு" என்பதே பதில். அவள் அழுவாள், அவன் சமாதானப்படுத்துவான், இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "அக்கா, இந்த முறை சண்டை போடாமல் பேச வேண்டும். எப்படித் தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள். அன்று நாங்கள் உட்கார்ந்து செய்ததையும், அதன் பிறகு நடந்ததிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெண்ணை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். காத்திருப்பவர் ஆணாக இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் தேதிகளை எழுதுங்கள்

பேச்சைத் தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். திருமணத்தைத் தள்ளிப்போட அவர் இதுவரை சொன்ன காரணங்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் இரண்டு விஷயங்களைக் குறியுங்கள்: அந்தக் காரணம் எப்போது தீர்ந்தது, தீர்ந்த பிறகு அவர் என்ன செய்தார்.

கிழித்துப் போட்ட தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் அவள் எழுதினாள். 2020 ஜனவரி: தங்கைக்கு முடியட்டும். 2022 மார்ச்: வீட்டுக் கடன் கொஞ்சம் குறையட்டும். 2023 ஜூன்: வேலை மாறப்போகிறேன், ஆறு மாதம் கொடு. 2024 நவம்பர்: தை பிறக்கட்டும். எழுதி முடித்ததும் பக்கத்தில் நிரப்பத் தொடங்கினாள். தங்கையின் திருமணம் 2021 ஆவணியில் நடந்துவிட்டது. புதிய வேலையில் 2023 செப்டம்பரில் சேர்ந்துவிட்டான். "அதன் பிறகு என்ன செய்தான்" என்ற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

இந்தத் தாளை அவரிடம் நீட்டக் கூடாது. நீட்டினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். இது உங்களுக்கு மட்டுமானது. உண்மையான தடைக்கும் பெயருக்குச் சொல்லும் தடைக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிந்துவிடும். உண்மையான தடைக்கு ஒரு முடிவு உண்டு. தங்கையின் திருமணம் முடிந்த மறுமாதமே வீட்டில் பேச்சை எடுத்தான் என்றால், அவன் சொன்ன காரணம் உண்மை. அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக வாங்கிய கடனை அடைக்கிறான், மாதத் தவணையைச் சொல்கிறான், கடைசித் தவணை எந்த மாதம் என்றும் சொல்கிறான் என்றால் அதுவும் உண்மை. அப்படிப்பட்டவரிடம் பொறுமையோடு இருப்பதே நியாயம். ஒரு காரணம் தீர்ந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தால், சொல்லப்படாத காரணம் ஒன்று அடியில் இருக்கிறது. பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

மாதக் கணக்கையும் கவனியுங்கள். நம் வீடுகளில் ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் வைப்பதில்லை. நல்ல மண்டபம் வேண்டும் என்றால் பல மாதங்களுக்கு முன்பே முன்பணம் கட்ட வேண்டும். அதற்கும் முன்னால் இரண்டு வீட்டாரும் பார்த்துப் பேசி, நிச்சயதார்த்தம் முடிந்திருக்க வேண்டும். வீட்டில் இன்னும் வாயே திறக்காத ஒருவர் ஐப்பசி மாதத்தில் "தையில் பார்க்கலாம்" என்றால், அந்தத் தையில் திருமணம் நடக்காது என்பது அவருக்கும் தெரியும். அது தேதியே இல்லை, அப்போதைக்குப் பேச்சை முடிக்கும் ஒரு சொல்.

கேட்க வேண்டிய கேள்வியைச் சுருக்குங்கள்

"நீ என்னைத் திருமணம் செய்துகொள்வாயா, மாட்டாயா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். அதற்கு "செய்துகொள்வேன்" என்று சொல்ல அவருக்கு ஒன்றும் செலவில்லை. ஏழு வருடமாக அவன் அப்படித்தான் சொல்லிவந்தான், பொய்யாகவும் சொல்லவில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உங்களால் எதுவும் செய்ய முடியாது.

திருமணம் என்பது ஒரே பெரிய முடிவாக அவர் முன்னால் நிற்கிறது. அதைச் சிறு செயல்களாகப் பிரித்து, அடுத்த செயல் எது என்று பாருங்கள். நம் ஊர்க் காதல் திருமணங்களில் அது பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டில் சொல்வது. அதன் பிறகு இரண்டு வீட்டாரும் சந்திப்பது, பிறகு நாள் குறிப்பது. என் சித்தி மகளிடம் நான் கேட்டேன்: "உன் பெயர் அவன் அம்மாவுக்குத் தெரியுமா?" அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கூட வேலை பார்த்த தோழி என்று தெரியும்" என்றாள். அன்றைக்கே கேள்வி கிடைத்துவிட்டது. அவள் அவனிடம் கேட்க வேண்டியது திருமணத் தேதியை அல்ல, அவன் தன் அம்மாவிடம் எந்த நாளில் சொல்லப்போகிறான் என்பதை.

உங்கள் எல்லையை முன்பே முடிவு செய்யுங்கள்

எத்தனை காலம் காத்திருக்க முடியும் என்பதை அவரோடு பேசும்போது யோசிக்கக் கூடாது. தனியாக, மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் முடிவு செய்யுங்கள். நான் பார்த்தவரையில், வீட்டில் சொல்வதற்கு இரண்டு மூன்று மாதம் போதும். வீடு ஒத்துக்கொள்ள ஒரு வருடம்கூட ஆகலாம். முதலாவது அவர் கையில் இருக்கிறது, இரண்டாவது அவர் கையில் மட்டும் இல்லை. உங்கள் கெடு முதலாவதுக்கே இருக்கட்டும்.

கெடு தாண்டினால் அவரை என்ன செய்வது என்று யோசிப்பதைவிட, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். "நீ சொல்லாவிட்டால் நானே உன் அம்மாவுக்கு போன் செய்வேன்" என்பது மிரட்டல். "அதற்குப் பிறகு இந்த உறவில் நான் தொடர மாட்டேன்" என்பது உங்கள் எல்லை. அதை உண்மையிலேயே செய்ய முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால், உங்கள் அடுத்த சொல்லுக்கு மதிப்பிருக்காது.

இங்கே ஒரு தவறைப் பலர் செய்கிறார்கள். அவரை உசுப்புவதற்காக, "என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்" என்று இல்லாததைச் சொல்கிறார்கள். அவர் பதறி ஒரு வாக்குக் கொடுப்பார், பதற்றம் தணிந்ததும் வாக்கும் கரைந்துவிடும். உண்மையாகவே வரன் வந்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். இல்லாததைச் சொல்லாதீர்கள்.

நேரமும் இடமும்

தொலைபேசியில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். நீல நிறக் குறி வந்தும் பதில் வராத பத்து நிமிடத்தில் மனம் எங்கெல்லாமோ போய்விடும். வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் முகம் பார்த்துப் பேசும் அழைப்பாக, முன்பே நேரம் குறித்துக்கொண்டு பேசுங்கள்.

இரண்டு நாளுக்கு முன்பே தகவல் சொல்லுங்கள். "சனிக்கிழமை நம் திருமணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும், சண்டை போட அல்ல" என்றால் போதும். "உன்னிடம் ஒன்று பேச வேண்டும்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டால் அவர் இரண்டு நாளும் பயந்து, தற்காப்போடு வந்து உட்காருவார். அவருடைய சம்பள உயர்வு முடிவாகும் வாரம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரம், பிறந்தநாள், இன்னொருவர் திருமணத்துக்குப் போய்வந்த இரவு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லோரும் தவறும் இடம். மணமேடையைப் பார்த்துவிட்டு வரும் வழியில் வாய் தானாகத் திறக்கும்.

அவன் சேரன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்கினான். காலையிலேயே பேசிவிட வேண்டும் என்று அவளுக்குத் துடிப்பு. ரயிலில் தூங்காதவனிடம் பேசாதே, சாப்பிட்டுத் தூங்கி எழட்டும் என்று தடுத்தேன். மாலை நாலரை மணிக்கு ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடந்துகொண்டே பேசினார்கள். நடந்துகொண்டே பேசுவதில் ஒரு வசதி உண்டு: முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை, இடையில் வரும் மௌனமும் கனக்காது. ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள ஓட்டலில், பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி உட்கார வேண்டாம்.

முதல் மூன்று நிமிடங்கள்

தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, அவர்கள் வாக்குவாதம் செய்வதைப் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். புதுமணத் தம்பதிகளைப் பற்றி 1999இல் வெளியான அவருடைய ஆய்வில், வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடங்களே அந்த உறவு எங்கே போகும் என்பதைப் பெரிதும் காட்டின. குற்றச்சாட்டோடு தொடங்கிய பேச்சு பெரும்பாலும் குற்றச்சாட்டோடுதான் முடிந்தது. அதனால் முதல் நான்கைந்து வாக்கியங்களை மட்டும் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தால், அவர் எதிர்பாராத ஒன்றைச் சொன்னதும் தடுமாறிவிடுவீர்கள்.

அவள் முதலில் எழுதிவைத்திருந்தது இது: "ஏழு வருடமாக என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். உனக்கு உன் வீடுதான் முக்கியம்." இதற்கு அவன் என்ன சொல்வான் என்று கேட்டேன். "நான் எப்போது ஏமாற்றினேன்?" என்பான். அடுத்த ஒரு மணி நேரம் அவன் ஏமாற்றினானா இல்லையா என்ற வழக்கிலேயே போய்விடும்.

மாற்றி எழுதியது இது: "உன்னோடுதான் வாழ வேண்டும் என்ற என் விருப்பத்தில் மாற்றமில்லை. ஆனால் எப்போது என்று தெரியாமல் காத்திருப்பது எனக்கு முடியவில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. வீட்டில் கேட்கும்போது சொல்வதற்குப் பதில் இல்லை. திருமணத் தேதியை இன்று கேட்கவில்லை. உன் வீட்டில் நம்மைப் பற்றிச் சொல்ல உன்னைத் தடுப்பது என்ன என்று மட்டும் தெரிய வேண்டும். எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் அவனைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. விருப்பம் இருக்கிறது, வலி இருக்கிறது, ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. எத்தனை வருடம் என்ற கணக்கைக்கூட வேண்டுமென்றே எடுத்துவிட்டோம்.

கேட்ட பிறகு பேசாமல் இருங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் கடினம். கேள்வியைக் கேட்டதும் வரும் மௌனத்தை நாமே நிரப்பிவிடுகிறோம். "பணப் பிரச்சினையா? தங்கை வீட்டில் ஏதாவது சொல்வார்களா?" என்று நாமே காரணத்தை எடுத்துக் கொடுத்தால், அவர் அதில் வசதியான ஒன்றைப் பிடித்துக்கொள்வார். பேசாமல் நடங்கள். அவன் நடைபாதையில் ஏறக்குறைய முக்கால் சுற்று ஒன்றும் சொல்லவில்லை என்றாள். பிறகு, "அம்மாவுக்கு நீ வேறு சாதி என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது" என்றான்.

கடன், வேலை, தங்கை என்று அடுக்கிவந்த காரணங்களுக்கு அடியில் இருந்தது இதுதான். நம் ஊரில் பல தள்ளிப்போடல்களுக்குப் பின்னால் சாதி இருக்கிறது, சொல்ல வெட்கப்பட்டு வேறு காரணங்களை முன்னால் நிறுத்துகிறார்கள். சில இடங்களில் அது ஜாதகமாக இருக்கும். சில இடங்களில் சொந்தத்தில் பேசிவைத்த முறைப்பெண்ணாக இருக்கும். சிலருக்குப் பெற்றோர் பிரிந்ததைப் பார்த்த பயம், அல்லது மருத்துவப் பிரச்சினை ஒன்றை வெளியே சொல்லும் கூச்சம். சிலருக்கு உண்மையில் விருப்பமே குறைந்துபோயிருக்கும். எதுவாக இருந்தாலும் அது வெளியே வந்ததும் உங்கள் முதல் பதில் கோபமாக இருந்தால், இரண்டாவது உண்மை வராது. "இதை இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாய்" என்றுதான் அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் இருபது நிமிடம் பேசினான்.

குரல் உயர்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் நிறுத்துங்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மனதில் ஏறாது, குறைந்தது இருபது நிமிட இடைவெளி வேண்டும் என்பது காட்மன் சொல்லும் கணக்கு. "அரை மணி நேரம் கழித்து இதே இடத்தில் தொடர்வோம்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். நேரம் சொல்லாமல் எழுந்தால் அது கோபித்துக்கொண்டு போவதாகிவிடும்.

அவர் கைநீட்டுபவர் என்றாலோ, உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று மிரட்டுபவர் என்றாலோ இந்த வழிகாட்டியை விட்டுவிடுங்கள். தனியாகப் போய்ப் பேசாதீர்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான 181 உதவி எண் எந்த நேரமும் இயங்குகிறது.

ஒரு செயல், ஒரு தேதி

மனம் விட்டுப் பேசியதே போதும் என்ற நிம்மதியில் இருவரும் கைகோத்துக் கிளம்பிவிட்டால் பழைய கதைதான். கிளம்பும் முன்பு, யார் எதை எந்த நாளுக்குள் செய்வது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். "சீக்கிரம் சொல்கிறேன்" என்றால், "எந்த நாள் உனக்குச் சரியாக இருக்கும்?" என்று கேளுங்கள். தேதியை அவரே சொல்லட்டும். நீங்கள் திணித்த தேதி தாண்டிப்போனால் அது உங்கள் தேதி தாண்டியதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

அவன் சொன்ன நாள் சித்திரை முதல் நாள், 2025 ஏப்ரல் 14. எப்படியும் ஊருக்குப் போவான். முதலில் தங்கையிடம் சொல்லித் துணை சேர்த்துக்கொண்டு, பிறகு அம்மாவிடம் சொல்வது என்று அவனே திட்டம் போட்டான். அவள் ஒன்று சேர்த்தாள்: "அம்மா ஒத்துக்கொள்வது உன் கையில் இல்லை. அதற்கு நான் காத்திருப்பேன். சொல்வது உன் கையில் இருக்கிறது. அந்த நாளும் சொல்லவில்லை என்றால் நான் விலகிக்கொள்வேன்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இடையில் நினைவூட்டல், குத்திக்காட்டல் எதுவும் வேண்டாம் என்று முன்பே பேசிவைத்திருந்தோம்.

வீடு கடைசிவரை ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன வழி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது முப்பது நாள் குடியிருந்த மாவட்டத்தில் அறிவிப்பு கொடுத்து, மேலும் முப்பது நாள் கழித்து, மூன்று சாட்சிகளோடு பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். இருவரும் இந்துக்கள் என்றால், 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாமல் மாலையோ மோதிரமோ மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும். சாதி காரணமாக உயிருக்கு ஆபத்து என்ற பயம் இருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். அப்படிப்பட்ட இணைகளுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வதை அது குற்றமாக்குகிறது. உண்மையான எண்ணத்தோடு பழகி, பிறகு வீட்டை எதிர்க்க முடியாமல் போனவர் அதில் வரமாட்டார். ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றால் வழக்கறிஞரிடம் போங்கள். இந்தப் பேச்சில் அதை ஆயுதமாக எடுக்காதீர்கள். வழக்குக்குப் பயந்து செய்துகொள்ளும் திருமணத்துக்குள் போய் வாழப்போவது நீங்கள்தான்.

அந்தத் தேதி வரும்போது

மூன்றில் ஒன்று நடக்கும். சொல்லியிருப்பார். அல்லது பாதி செய்திருப்பார், தங்கையிடம் சொல்லி அம்மாவிடம் சொல்லாமல். அல்லது ஒன்றும் செய்திருக்கமாட்டார், புதிய காரணம் ஒன்று தயாராக இருக்கும். பாதி செய்தவருக்கு ஒரே ஒரு முறை, அவரே கேட்டால், குறுகிய தவணை கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றும் செய்யாதவரிடம் இன்னொரு நீண்ட பேச்சு தேவையில்லை. "நீ சொன்ன நாள் போய்விட்டது. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் விலகிக்கொள்கிறேன்." இவ்வளவுதான். சேர்ந்து கட்டும் தவணை, உங்கள் பெயரில் எடுத்த கடன், அவர் வீட்டில் இருக்கும் உங்கள் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரு வாரத்துக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். அவை தீராமல் இருந்தால் பேச ஒரு சாக்கு இருந்துகொண்டே இருக்கும்.

ஏப்ரல் 14 இரவு ஒன்பதரைக்கு அவன் மொட்டை மாடியிலிருந்து அவளை அழைத்தான். சொல்லிவிட்டேன் என்றான். கீழே அவன் அம்மா அழும் சத்தம் தொலைபேசியில் கேட்டது என்றாள். தங்கை அம்மாவோடு உட்கார்ந்திருந்தாளாம். அப்பா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம். "இப்போது என்ன செய்வது?" என்று அவன் கேட்டான். "நீ முதலில் போய் அவர்களோடு இரு. நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மறுநாள் காலையில், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எனக்குப் போன் செய்தாள். அடுத்த பேச்சு இரு வீட்டாரும் சந்திப்பதைப் பற்றி. அதற்கான தாளை அன்று மாலையே எடுத்து எழுதத் தொடங்கினோம், இந்த முறை அவனும் கூட இருந்தான், தொலைபேசியில்.